சளியும் இளஞ்சூடும் உள்ள குழந்தைக்கு இன்று தடுப்பூசி போடலாமா?

தமிழ்நாட்டில் அரசு சுகாதார நிலையங்களுக்குப் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழையுமாக ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் வருவதால், குழந்தைக்கு மூக்கொழுகும் நாளும் தாய் சேய் நல அட்டையில் ஊசிக்குக் குறித்திருக்கும் நாளும் ஒன்றாக அமைவது இங்கே அடிக்கடி நடக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் “சளி விடட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் “பரவாயில்லை, கொண்டு வாருங்கள்” என்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில்தான் பெற்றோர் குழம்புகிறார்கள்.

செவிலியர் சொல்வதே பெரும்பாலும் சரி. சாதாரணச் சளியும் 38.5 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது ஏறத்தாழ 101.3 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைவான காய்ச்சலும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணங்கள் அல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இதற்கு முக்கியமான ஒரு விலக்கு இருக்கிறது. அது ஊசியைப் பற்றியதல்ல, குழந்தையின் வயதைப் பற்றியது. அடிப்படையைச் சொல்லிவிட்டு அதற்கு வருவோம்.

இன்று போடவிருப்பது என்ன?

பிறந்தவுடன் போடுபவை நீங்கலாக, முதல் ஆண்டின் முக்கியமான தடுப்பு மருந்துகள் 6, 10, 14 ஆகிய வாரங்களிலும் ஒன்பதாம் மாதம் முடிந்த பிறகும் தரப்படுகின்றன. பத்தாவது வாரத்தை எடுத்துக்கொண்டால் தொடையில் ஐந்து நோய்த் தடுப்பூசி, வாயில் போலியோ சொட்டு, வாயில் ரோட்டா வைரஸ் மருந்து ஆகிய மூன்றும் உண்டு. ஐந்து நோய்த் தடுப்பூசி என்பது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகியவற்றுக்கு எதிரான ஒரே ஊசி. இடது தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் அரை மில்லி மருந்து தசைக்குள் செலுத்தப்படுகிறது.

இந்த ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. கொல்லப்பட்ட கக்குவான் கிருமியும், செயலிழக்கச் செய்யப்பட்ட நச்சுகளும், கிருமிகளின் சில துண்டுகளும்தான் இருக்கின்றன. உடம்பு தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே பெருகி நோயாக மாறும் வல்லமை இவற்றுக்கு இல்லை. சளி பிடித்த உடம்பில் ஊசி மருந்து ‘ஏறிவிடும்’ என்ற பழைய அச்சத்துக்கு இடமில்லாமல் போவது இதனால்தான்.

சளியோடு போட்டால் ஊசி பலிக்குமா?

இது நியாயமான கேள்வி. சளி வைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் உடம்பு புதிதாக வந்த ஊசி மருந்தைக் கவனிக்குமா என்ற ஐயம் மருத்துவர்களுக்கும் எழுந்ததுண்டு. 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஊசி போட்ட வேளையில் சளி இருந்த குழந்தைகளில் தட்டம்மைக்கு எதிரான எதிர்ப்பாற்றல் உருவானவர்களின் விகிதம் குறைவு என்று சொன்னது. அது பெரிய கவலையைக் கிளப்பியது. ஆனால் அதே கேள்வியை அந்தப் பத்தாண்டிலேயே மீண்டும் எடுத்து நடத்திய வேறு ஆய்வுகளில், சளி இருந்த குழந்தைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை. சளி ஊசியைக் கெடுப்பதில்லை என்ற இன்றைய நிலைப்பாடு அவற்றின் மேல் நிற்கிறது.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரே ஆளை வைத்து நடக்கும் கடை அல்ல. மூக்கின் உட்சவ்வில் புகுந்த வைரஸை அந்த இடத்து அணுக்கள் கவனித்துக்கொண்டிருக்கும்போதே, தொடையில் செலுத்திய மருந்தை இடுப்பு மடிப்பிலுள்ள நிணநீர்க் கணுக்கள் தனியே எடுத்துக்கொள்கின்றன. குழந்தை பால் குடிக்கும்போதும் கையை வாயில் வைக்கும்போதும் உள்ளே போகும் கிருமிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், ஓர் ஊசியில் இருப்பது மிகச் சொற்பம்.

அப்படியானால் கடுமையான நோயின்போது மட்டும் ஏன் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்? அந்த ஊசியே ஒரு நாள் காய்ச்சலை உண்டாக்கக் கூடும். ஏற்கெனவே வாடிக் கிடக்கும் குழந்தைக்கு அந்தச் சுமையும் சேர வேண்டாம் என்பது ஒரு காரணம். அடுத்த நாள் குழந்தையின் நிலை மோசமானால் அது நோயாலா ஊசியாலா என்று மருத்துவரால் பிரித்தறிய முடியாமல் போகும் என்பது மற்றொன்று. அந்த நிலையில் ஊசி பலிக்காது என்றோ நஞ்சாகும் என்றோ யாரும் சொல்வதில்லை.

‘இளஞ்சூடு’ என்பதை எப்படி அளப்பது?

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பலர் ‘பனி’ என்று சொல்லும் காய்ச்சலைப் புறங்கையால் நெற்றியைத் தொட்டுத்தான் முடிவு செய்கிறோம். குழந்தையின் நெற்றி சூடாக இருப்பதற்கு வெந்நீர்க் குளியல், துணிச் சுற்று, வெகுநேரம் அழுதது, அம்மாவின் மார்போடு ஒட்டிக் கிடந்தது எனப் பல காரணங்கள் இருக்கலாம். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிய உடனே எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. அரை மணி நேரம் விட்டு, துணிகளைத் தளர்த்தி, அக்குளைத் துடைத்து, டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை அக்குளின் நடுவில் வைத்து, அது ஒலியெழுப்பும்வரை கையை உடம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அக்குள் அளவு உடம்பின் உள்வெப்பத்தைவிட ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஊசிக்குக் கிளம்பும் முன் “எதற்கும் இருக்கட்டும்” என்று பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. செவிலியர் பார்க்க வேண்டிய காய்ச்சலை அது மறைத்துவிடும். முன்கூட்டியே கொடுக்கும் பாராசிட்டமால் சில தடுப்பூசிகளுக்கு உருவாகும் எதிர்ப்பொருளின் அளவைக் குறைக்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

தெர்மாமீட்டரின் எண் ஒரு குறிப்புதான். தீர்ப்பைச் சொல்வது குழந்தையின் நடப்பு. 100.5 டிகிரியில் சிரித்துக்கொண்டு பால் குடிக்கும் குழந்தையைவிட, 99 டிகிரியில் பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கும் குழந்தைதான் கவலைக்குரியது.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம்

கருங்கல் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் புதன்கிழமை காலை ஒரு பெண் குழந்தை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 72 நாள், எடை 5 கிலோ. முதல் ஐந்து நோய்த் தடுப்பூசி 44-ஆவது நாளில், அதுவும் ஒரு புதன்கிழமையில், போடப்பட்டது. பள்ளிக்குப் போகும் அண்ணனிடமிருந்து வந்த சளி இரண்டு நாளாக இருக்கிறது. மூக்கு அடைத்து, பால் குடிக்கும்போது நடுநடுவே விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறது. அக்குள் வெப்பம் 99.9 டிகிரி ஃபாரன்ஹீட்.

செவிலியர் இங்கே பார்க்க வேண்டியவை நான்கு.

1. பால் குடிக்கிறதா? மூக்கடைப்பால் தடுமாறினாலும், மூக்கைத் துடைத்துவிட்டால் பழையபடி குடிக்கிறது என்கிறார் தாய். அங்கேயே ஒருமுறை கொடுக்கச் சொல்லிப் பார்ப்பது இன்னும் நல்லது.
2. விழிப்பாக இருக்கிறதா? முகத்தைப் பார்க்கிறது, தொட்டால் கையைக் காலை உதைக்கிறது.
3. குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா? இரண்டும் இல்லை.
4. மூச்சு எப்படி இருக்கிறது? இதைத்தான் பலரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

மூச்சை எண்ணச் சட்டையை மேலே தூக்கி, குழந்தை அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழி இங்கே சரிவராது, ஏனென்றால் சிறு குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. இரண்டு மாதம் முடிந்து ஓராண்டு நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. நம் குழந்தைக்கு முதலில் 53 வருகிறது. உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அழுகைக்குப் பிறகும் மூக்கு அடைத்திருக்கும்போதும் எண்ணிக்கை கூடும். இரண்டு மூக்கிலும் உப்புநீர்ச் சொட்டு விட்டு, துடைத்து, பத்து நிமிடம் தாயின் மடியில் கிடந்த பிறகு எண்ணினால் 44 வருகிறது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழியும் விழவில்லை. ஆகவே இது மூக்கோடு நிற்கிற சளி, நெஞ்சுக்குப் போகவில்லை.

இந்தக் குழந்தைக்கு இன்றே ஊசியும் போடலாம், இரண்டு வாய் மருந்தும் கொடுக்கலாம். இரண்டாவது முறையும் 53 வந்திருந்தாலோ நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்திருந்தாலோ, ஊசியைப் பற்றிய பேச்சே அங்கு எழக் கூடாது. அது நிமோனியாவாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தை

மேலே சொன்ன விலக்கு இதுதான். அதே சளி, அதே 99.9 டிகிரி, ஆனால் முதல் ஊசிக்கு வந்திருக்கும் 44 நாள் குழந்தை என்றால் கணக்கு மாறுகிறது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அக்குள் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தாலே, இரத்தத்திலோ சிறுநீரிலோ மூளை உறையிலோ கிருமித் தொற்று இருக்கக் கூடும் என்று கருதி மருத்துவரிடம் அனுப்பச் சொல்கின்றன சிசு நோய் மேலாண்மைக்கான வழிகாட்டுதல்கள். அந்த வயதில் பெருந்தொற்று உள்ள குழந்தையும் வெளிப்பார்வைக்குச் சற்றே சோர்ந்த குழந்தை போலத்தான் தெரியும். வேக மூச்சின் எல்லையும் அவர்களுக்கு 60.

இங்கே ஊசி தள்ளிப்போவது ஊசி ஆபத்து என்பதால் அல்ல. காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது முதல் வேலை என்பதால். ஊசி போட்டுவிட்டால், அன்றிரவு கூடும் காய்ச்சலை “ஊசிக் காய்ச்சல்தான்” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். இந்த வயதில் அந்த ஒரு இரவு விலையுயர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளிலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ குழந்தையைப் பார்த்து, வெறும் சளி என்று மருத்துவர் உறுதி சொன்னபின் ஊசியைத் தாமதிக்க வேண்டியதில்லை. காய்ச்சல் இல்லாமல் மூக்கொழுகல் மட்டும் உள்ள ஆறு வாரக் குழந்தை, நன்றாகப் பால் குடித்தால், இந்த விலக்கில் வராது.

தள்ளிப்போட்டால் என்ன போகும்?

ஒரு வாரம்தானே என்று தோன்றும். ஐந்து நோய்த் தடுப்பூசியின் ஒவ்வொரு தவணைக்கும் இடையே குறைந்தது 28 நாள் வேண்டும். நம் குழந்தைக்கு இன்று, 72-ஆவது நாளில், போட்டால் மூன்றாவது தவணை 100-ஆவது நாளில் கிடைக்கும். ஒரு வாரம் தள்ளினால் அது 107. அந்த ஊருக்கு மாதத்தில் ஒரு புதன்கிழமைதான் முகாம் என்றால் இரண்டாவது தவணை 100-ஆவது நாளுக்கும் மூன்றாவது 128-ஆவது நாளுக்கும் போகும். அடுத்த முறையும் சளி பிடித்து (அண்ணன் பள்ளிக்குப் போகிற வீட்டில் அது நடக்கும்) மீண்டும் தள்ளினால் ஐந்து மாதத்தைத் தாண்டிவிடும்.

இந்தக் காலக்கெடு எதற்கு என்றால், கக்குவான் இருமல் முதல் சில மாதங்களில் தாக்கினால்தான் உயிரைப் பறிக்கிறது. சிறு குழந்தை இருமக் கூடத் தெம்பில்லாமல் மூச்சு நின்றுபோகும். ஒரு தவணை தரும் காப்பு அரைகுறை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளும் அந்த மாதங்களில் கரைந்துகொண்டே போகும். தொண்டை அடைப்பான் பழங்கதை அல்ல என்பதை 2016-இல் நம் பக்கத்து மாநிலத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அது குழந்தைகளின் உயிரைப் பறித்தபோது கண்டோம். ஊசி போடாதவர்களும் தவணைகளை முடிக்காதவர்களுமே அங்கே பெரும்பாலும் பாதிக்கப்பட்டார்கள்.

உண்மையான காரணத்தால் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காய்ச்சல் விட்டு எத்தனை நாள் ஆக வேண்டும் என்ற கணக்கும் கிடையாது, குழந்தை தேறியதும் அடுத்து வரும் புதன்கிழமை போதும். ஆன்டிபயாட்டிக் மருந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். தனியார் மருத்துவமனையில் காய்ச்சல் குறைவாக வரும் விலை கூடிய ஊசியைப் போடுபவர்களுக்கும் இதே விதிதான். முந்தைய தவணைக்குப் பின் கடும் ஒவ்வாமையோ, ஏழு நாளுக்குள் வலிப்போ நினைவிழப்போ வந்திருந்தால் மட்டும் சளியைப் பற்றி யோசிக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்று இரவு

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது, அரிதாக வரும் கடும் ஒவ்வாமையை உடனே கவனிக்க. வீட்டுக்கு வந்த பிறகு வருவது பெரும்பாலும் காய்ச்சலும், ஊசி போட்ட தொடையில் வீக்கமும் வலியும்தான். முழுக் கக்குவான் கிருமி சேர்ந்த ஊசி என்பதால் பாதிக் குழந்தைகள் வரைக்கும் காய்ச்சல் வரலாம். வீங்கிய இடத்தில் எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடம் கொடுத்து அமுக்குவதும் வேண்டாம்.

காய்ச்சல் வந்து குழந்தை சிணுங்கினால் பாராசிட்டமால் கொடுக்கலாம். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 5 கிலோ குழந்தைக்கு 50 முதல் 75 மில்லிகிராம். ஒரே பெயரில் இரண்டு புட்டிகள் கடையில் கிடைப்பதால் தவறு நேர்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். அதில் அரை மில்லி முதல் முக்கால் மில்லி போதும். சிரப் என்றால் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். அதில் 2 முதல் 3 மில்லி. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். ஆகவே செவிலியரிடம் புட்டியையே காட்டி, அதன் குழாயில் கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி விடுவது பாதுகாப்பானது.

சளிக்காகக் கடையில் வாங்கும் சளி சிரப்புகளை அதோடு சேர்க்கக் கூடாது. குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று புட்டியில் அச்சிடும்படி 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. அவற்றில் சில குழந்தையைத் தூங்க வைத்துவிடும். அது நோயின் மயக்கமா மருந்தின் மயக்கமா என்று பிறகு தெரியாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கிலும் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கற்பூரம் குழந்தையின் தோல் வழியாகவும் உள்ளே போய் வலிப்பை உண்டாக்கக் கூடியது. ஊசி போட்ட அன்றே அது நேர்ந்தால் பழி முழுவதும் ஊசியின் மேல் விழும்.

ஊசியால் வரும் காய்ச்சல் பொதுவாக அன்று மாலையோ இரவோ தொடங்கி, 48 மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். மூன்றாம் நாளும் நீடித்தால், அல்லது எந்த நாளிலும் மூச்சு வேகமானால், பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தால், வலிப்பு வந்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் அழுதால், அது ஊசிக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது தாய் சேய் நல அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன ஊசி, எந்தத் தேதி என்பதோடு, அன்று காலை எண்ணிய மூச்சையும் பார்த்த வெப்பத்தையும் செவிலியரைக் கொண்டு அதில் ஒரு ஓரத்தில் எழுதி வாங்கியிருந்தால், சளி முற்றிவிட்டதா என்பதை மருத்துவரால் அந்த இரண்டு எண்களை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.